கம்பெனி கைவிரித்தால் உங்கள் பணம் எந்த வரிசையில்?

சரக்கு அனுப்பியிருக்கிறீர்கள், பில் தொகை நிற்கிறது. அல்லது வேலை பார்த்திருக்கிறீர்கள், சம்பளம் பாக்கி. அந்தக் கம்பெனி "என்.சி.எல்.டி.க்குப் போய்விட்டது" என்று ஒருநாள் காதில் விழுகிறது. அப்போது உடனே செய்யவேண்டியது என்ன, விற்று வரும் பணம் யார் யாருக்கு எந்த முறையில் போகும், அதில் உங்கள் இடம் எது என்பதை இந்தியாவின் திவால் சட்டப்படி இங்கே பார்ப்போம். சப்ளையருக்கும் தொழிலாளிக்கும் வேண்டியதை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறோம்.

ஒரு சொல் எச்சரிக்கை. நம் பேச்சில் "கடன்காரர்" என்றால் கொடுத்தவரும் ஆவார், வாங்கியவரும் ஆவார். அதனால் இங்கே "கடன் கொடுத்தவர்", "கடன்பட்ட கம்பெனி" என்றே எழுதுகிறோம். சட்டத்தின் கண்ணில் பில் தொகை வராத சப்ளையரும் சம்பளம் வராத தொழிலாளியும் கடன் கொடுத்தவர்களே.

முதலில்: எதிரே நிற்பது கம்பெனியா, தனிமனிதரா?

பில்லின் தலைப்பைப் பாருங்கள். "பிரைவேட் லிமிடெட்", "லிமிடெட்", "எல்.எல்.பி." என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் பொருந்தும். வழக்கமாக ஐ.பி.சி. என்பார்கள். அது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி.யின் முன் நடக்கும். தமிழ்நாட்டில் பதிவு அலுவலகம் உள்ள கம்பெனிக்குச் சென்னை அமர்வு.

வெறும் கடைப் பெயரும் உரிமையாளர் பெயரும் மட்டுமே இருந்தால் கதை வேறு. ஊரில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்று சொல்வது இந்த வகையைத்தான். தனி உரிமையாளர்களுக்கும் பங்குதாரர் கூட்டுக்கும் இன்னும் பழைய சட்டங்களே ஓடுகின்றன: சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தந்த வட்டார நீதிமன்றம். அங்கே அரசுக்கும் உள்ளாட்சிக்கும் தரவேண்டிய பாக்கி முன்வரிசையில் நிற்கும். கம்பெனிச் சட்டத்தில் அரசு பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. ஒன்றுக்குத் தெரிந்த வரிசையை மற்றதற்குப் பொருத்திப் பார்த்து ஏமாறுவோர் நிறைய. இனி வருவதெல்லாம் கம்பெனிக்கும் எல்.எல்.பி.க்கும்தான்.

கம்பெனியின் நிலையை mca.gov.in தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். அதே தளத்தில் Index of Charges என்ற பகுதி உண்டு. எந்தெந்த வங்கி எவ்வளவு தொகைக்கு அடமானம் பதிந்திருக்கிறது என்பது அதில் தெரியும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

இரண்டு கட்டங்கள் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்

தீர்ப்பாயம் நொடிப்பு மனுவை ஏற்றவுடனே கம்பெனியை உடைத்து விற்றுவிட மாட்டார்கள். முதலில் நொடிப்புத் தீர்வுக் கட்டம். இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுபோய், ஒரு தீர்வு வல்லுநர் நிர்வாகத்தை எடுத்துக்கொள்வார். புதிதாக ஒருவர் வந்து கம்பெனியை எடுத்து நடத்த முன்வருகிறாரா என்று தேடுவார்கள். இதற்குச் சட்டம் தரும் காலம் 180 நாள், கூடுதலாக 90 நாள், வழக்குகளையும் சேர்த்து வெளிவரம்பு 330 நாள். நடைமுறையில் இதைத் தாண்டி இழுப்பது சகஜம். வங்கிகளே பெரும்பாலும் நிறைந்த கடன் கொடுத்தோர் குழுவில் 66 விழுக்காடு வாக்கு கிடைத்தால் தீர்வுத் திட்டம் தேறும். தேறாவிட்டால் இரண்டாவது கட்டமான கலைப்பு தொடங்கும். சொத்தை விற்பவர் கலைப்பாளர். லிக்விடேட்டர் என்றால்தான் பலருக்குப் புரியும்.

இந்தக் கட்டுரையின் மையமான வரிசை 53ஆம் பிரிவில் இருக்கிறது. அது கலைப்புக்கு எழுதப்பட்டது. ஆனால் முதல் கட்டத்திலும் அதன் நிழல் விழும். தீர்வுத் திட்டத்தில் ஒரு சப்ளையருக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்சத் தொகை, கம்பெனியைக் கலைத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் தொகை. அல்லது திட்டத்தில் வரும் மொத்தத் தொகையை 53ஆம் பிரிவின் வரிசைப்படி பிரித்திருந்தால் கிடைத்திருக்கும் தொகை. இரண்டில் எது கூடுதலோ அது. வரிசையில் உங்கள் பங்கு பூச்சியம் என்றால் திட்டத்திலும் பூச்சியம் எழுத முடியும், அது சட்டவிரோதம் ஆகாது. "கம்பெனியைப் புது ஆள் வாங்கிவிட்டார், இனி நம் பணம் வரும்" என்று சப்ளையர்கள் கொண்டாடுவது பல நேரம் இதனால்தான் வீணாகிறது.

14 நாள் கெடு: கோரிக்கைப் படிவம்

இடைக்காலத் தீர்வு வல்லுநர் நியமனமான 3 நாளுக்குள் பொது அறிவிப்பு வெளியிடவேண்டும். ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வரும், ibbi.gov.in தளத்திலும் ஏறும். நியமனத்திலிருந்து 14 நாளுக்குள் கோரிக்கை கொடுக்கவேண்டும். உங்களுக்குத் தனியாகக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் உங்கள் பாக்கி ஏற்கெனவே இருக்கிறதே என்றும் சும்மா இருக்கவேண்டாம்.

சப்ளையருக்குப் படிவம் பி, தொழிலாளிக்கும் ஊழியருக்கும் படிவம் டி. பல தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு பிரதிநிதி வழியாகக் கொடுப்பதானால் படிவம் இ. வீடு வாங்க முன்பணம் கொடுத்தவர்களுக்குப் படிவம் சிஏ. கலைப்புக் கட்டத்தில் எழுத்துகள் மாறிவிடும்: சப்ளையருக்குச் சி, தொழிலாளிக்கு இ. 2025 ஆகஸ்டில் சட்டத்துக்கே ஒரு திருத்த மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. விதிமுறைகள் ஆண்டுக்கு ஒருமுறைக்குக் குறையாமல் தொடப்படுகின்றன. எனவே நண்பர் அனுப்பிய பழைய வேர்டு கோப்பில் நிரப்பாமல், கொடுக்கும் நாளில் தளத்திலிருந்து படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

சப்ளையர் இணைக்கவேண்டியவை: பர்ச்சேஸ் ஆர்டர், பில், சரக்கு போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்திட்ட டெலிவரி சலான், இ-வே பில், லெட்ஜர், கடைசியாகப் பணம் வந்ததைக் காட்டும் வங்கி அறிக்கை, ஜி.எஸ்.டி. தாக்கலில் அந்தப் பில்கள் ஏறியிருக்கும் பகுதி. இவற்றில் பெரும்பாலும் சறுக்குவது சலான்தான். "சரக்குத் தரம் சரியில்லை" என்று எப்போதோ கம்பெனி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்து, நீங்கள் பதில் போடாமல் விட்டிருந்தால் அந்தப் பில் வெட்டுப்படும்.

வட்டி கேட்கலாமா? ஒப்பந்தத்திலோ இருவரும் ஒத்துக்கொண்ட ஆர்டரிலோ வட்டி விகிதம் இருந்தால் கேளுங்கள். நொடிப்பு தொடங்கிய நாள் வரைக்கும்தான் கணக்கு, அதற்குப் பிறகு ஓடாது. சிறு, குறு தொழில் சட்டப்படி தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க வழியுண்டு. ஆனால் எம்.எஸ்.எம்.இ. சான்றிதழ் கோரிக்கையின் தொகையைத்தான் உயர்த்தும், வரிசையில் ஒரு படிகூட மேலே ஏற்றாது. இது தெரியாமல் சான்றிதழை மேலே ஒட்டி "முன்னுரிமை" என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு.

கெடு தவறினால் உடனே எல்லாம் முடிந்துவிடாது. தாமதத்துக்கான காரணத்துடன் பிறகும் கொடுக்க விதிகள் இடம் தருகின்றன. ஆனால் தீர்வுத் திட்டத்தைத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டுவிட்டால், அதில் இடம்பெறாத பழைய பாக்கிகள் அழிந்துபோகும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. அதன் பிறகு புது முதலாளி வாசலில் போய் நின்று பயனில்லை.

கலைப்பு ஆணை வந்தால் இன்னொரு அறிவிப்பு வரும், தொடங்கிய நாளிலிருந்து 30 நாள் கெடு. முதல் கட்டத்திலேயே கொடுத்துவிட்டோமே என்று விடாமல், தொகையைப் புதுப்பித்து மறுபடி கொடுப்பது நல்லது. கலைப்பாளர் தள்ளுபடி செய்தால், அந்த முடிவு கைக்கு வந்த 14 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவேண்டும்.

வரிசைக்கே வராத பொருள்கள்

படி ஒன்றைப் பார்ப்பதற்கு முன், குவியலுக்குள்ளேயே போகாத சொத்து எது என்று பார்க்கவேண்டும். 36ஆம் பிரிவுப்படி, கம்பெனியின் கையில் இருந்தாலும் பிறருக்குச் சொந்தமானது கலைப்புச் சொத்தில் சேராது. கோவை, ஓசூர் பக்கம் ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் இது உயிர்நாடி. நீங்கள் கடைசலுக்கு அனுப்பிய வார்ப்பு, உங்கள் அச்சு, உங்கள் டை அங்கே கிடந்தால் அதற்குப் பணக் கோரிக்கை போடாதீர்கள். பொருளையே திரும்பக் கேளுங்கள். டெலிவரி சலானில் "ஜாப் ஒர்க்குக்காக மட்டும், விற்பனைக்கு அல்ல" என்பது போன்ற வாசகமும் உங்கள் பெயர் பொறித்த அடையாளமும் இருந்தால் வேலை சுலபம். அடையாளம் இல்லாமல் அவர்கள் சரக்கோடு கலந்துபோயிருந்தால் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. பில் போட்டு விற்றுவிட்ட சரக்கு இந்தக் கணக்கில் வராது. அது கம்பெனியின் சொத்தாகிவிட்டது, உங்களுக்கு மிஞ்சியது பில் தொகை மட்டும்.

தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவையும் இப்படி வெளியே நிற்பவை. அதனால் படிவத்தில் சம்பளப் பாக்கியையும் பி.எஃப். பாக்கியையும் பணிக்கொடையையும் ஒரே தொகையாகக் கூட்டிப் போடாமல் தனித்தனி வரியில் எழுதுங்கள். கூட்டிப் போட்டால் எல்லாமே வரிசைக்குள் விழுந்து அடிபடும். பணிக்கொடைக்குக் கம்பெனி தனி நிதியே வைக்காமல் இருந்திருந்தால் வழக்காட வேண்டியிருக்கும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணைகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

53ஆம் பிரிவின் படிக்கட்டு

நீர் மேல்மடையில் நிரம்பினால்தான் கீழ்மடைக்கு வழியும். மேல்மடையே நிரம்பாவிட்டால் கீழ்மடை காய்ந்து கிடக்கும். ஒரே மடையில் இருப்பவர்கள் கிடைத்ததைத் தங்கள் பாக்கியின் விகிதப்படி பிரித்துக்கொள்வார்கள்.

முதல் படி செலவுகள். தீர்வுக் கட்டத்தின் செலவும் கலைப்பின் செலவும் முழுமையாக எடுக்கப்படும்: வல்லுநரின் கட்டணம், காவலாளி, மின்சாரம், மதிப்பீட்டாளர், இடையில் வாங்கிய கடன்.

இரண்டாம் படியில் இருவர் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒருவர், தன் அடமானத்தைப் பொதுக் குவியலில் விட்டுக்கொடுத்த வங்கி. மற்றவர், தொழிலாளி, கலைப்பு தொடங்கிய நாளுக்கு முந்தைய 24 மாதப் பாக்கி வரைக்கும். மூன்றாம் படி தொழிலாளி அல்லாத ஊழியர், 12 மாதப் பாக்கிக்கு. நான்காவது, அடமானம் இல்லாமல் பணக்கடன் கொடுத்தவர்கள். ஐந்தாம் படியில்தான் மத்திய, மாநில அரசுகள், 2 ஆண்டு பாக்கிக்கு. அவர்களோடு, அடமானத்தைத் தானே விற்றுக்கொண்டு மீதி வராமல் திரும்பிய வங்கி. ஆறாம் படி "மற்ற எல்லாக் கடன்களும்". சப்ளையர் நிற்பது இங்கேதான். 24 மாதத்துக்கு முந்தைய கூலியும் 2 ஆண்டுக்கு முந்தைய வரியும்கூட இங்கே வந்து சேரும். ஏழாவது முன்னுரிமைப் பங்குதாரர், எட்டாவது சாதாரணப் பங்குதாரர்.

அரசின் இடம் பற்றி ஒரு சிக்கல் உண்டு. 2022இல் ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கில், குஜராத் வாட் சட்டம் வரிப் பாக்கிக்குச் சொத்தின் மீது பொறுப்பு உண்டாக்குவதால் அந்த மாநில அரசு அடமானம் உள்ளவருக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் ராமன் இஸ்பாத் வழக்கில் அதே நீதிமன்றம், அந்தத் தீர்ப்பு 53ஆம் பிரிவைக் கணக்கில் எடுக்கவில்லை, அந்த வழக்கின் விவரங்களோடு நிற்கட்டும் என்று சுருக்கியது. ஆனாலும் வரித்துறை இரண்டாம் படியைக் கேட்டு மனுப் போடுவதைப் பார்க்கலாம். அப்படி ஒரு மனு நிலுவையில் இருந்தால் பங்கீடு தள்ளிப்போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கற்பனைக் கம்பெனி. நிலமும் கட்டடமும் 9 கோடிக்கும், எந்திரங்கள் 2.4 கோடிக்கும், மிச்சச் சரக்கும் வசூலும் 60 லட்சத்துக்கும் போயின. மொத்தம் 12 கோடி ரூபாய்.

பாக்கிகள்: செலவு 1.2 கோடி, அடமானத்தை விட்டுக்கொடுத்துவிட்ட வங்கிக்கு 18 கோடி, தொழிலாளர்களுக்கு 24 மாதக் கணக்கில் 2 கோடி, அலுவலக ஊழியர்களுக்கு 40 லட்சம், அடமானமில்லாக் கடன் 1.5 கோடி, அரசுக்கு 80 லட்சம், சப்ளையர்களுக்கு 3 கோடி.

செலவைக் கழித்தால் 10.8 கோடி. இரண்டாம் படியில் வங்கியும் தொழிலாளரும் கேட்பது 20 கோடி. ஆக ரூபாய்க்கு 54 பைசா. வங்கிக்கு 9.72 கோடி, தொழிலாளருக்கு 1.08 கோடி. 1.5 லட்சம் பாக்கியுள்ள ஒரு கடைசல்காரர் 81,000 வாங்கிப் போவார். அத்தோடு பணம் தீர்ந்தது. மூன்றாம் படியிலிருந்து கீழே யாருக்கும் ஒரு பைசா இல்லை.

வங்கிக் கடன் 18 கோடி இல்லை, 7 கோடிதான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் படி 9 கோடியில் முழுமையாகத் தீரும், மிச்சம் 1.8 கோடி. ஊழியர்களுக்கு 40 லட்சம் போனால் 1.4 கோடி. அடமானமில்லாக் கடன் கொடுத்தவர்கள் கேட்பது 1.5 கோடி, அவர்களுக்கு ரூபாய்க்கு 93 பைசா. மறுபடியும் பணம் தீர்ந்தது. சப்ளையருக்கு இப்போதும் பூச்சியம்.

இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. உங்களுக்கு மேலே உள்ள படிகளைக் கூட்டுங்கள்: 1.2, 9, 0.4, 1.5, 0.8. மொத்தம் 12.9 கோடி. சொத்து அதற்கு மேல் விற்றால்தான் முதல் ரூபாய் சப்ளையரிடம் வரும். Index of Charges பக்கமும் கம்பெனியின் கடைசி இருப்புநிலைக் குறிப்பும் கையில் இருந்தால், இந்தக் கூட்டலை முதல் வாரத்திலேயே உத்தேசமாகப் போட்டுவிடலாம். வழக்கறிஞருக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற முடிவை அதற்குப் பிறகு எடுங்கள். நிலத்தின் விலையைக் கணிக்கும்போது வழிகாட்டி மதிப்பையோ பக்கத்து மனை போன விலையையோ வைத்துக்கொள்ளாதீர்கள். ஏலத்தில் ஆள் வராமல் குறைந்தபட்ச ஏல விலையைக் குறைத்துக் குறைத்து விற்பது வழக்கம்.

வங்கி அடமானத்தை விட்டுக்கொடுக்காமல் 52ஆம் பிரிவுப்படி வெளியே நின்று தானே விற்கவும் உரிமை உண்டு. கலைப்பு தொடங்கிய 30 நாளுக்குள் அதைச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் சொத்து பொதுக் குவியலில் சேர்ந்துவிடும். வெளியே நின்று விற்றாலும், செலவிலும் தொழிலாளர் பங்கிலும் தன் பாகத்தை வங்கி கட்டவேண்டும். ஆகவே "வங்கிக்காரன் தனியாக ஏலம் விட்டுவிட்டான், நம் கூலி போச்சு" என்று தொழிலாளர்கள் கைவிடவேண்டியதில்லை. அந்தப் பங்கு வந்ததா என்று கலைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

24 மாதம் எங்கிருந்து எண்ணப்படுகிறது?

தொழிலாளிக்கு மிகப் பெரிய நட்டம் வருமிடம் இது. 24 மாதம் என்பது கலைப்பு தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. நொடிப்பு மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து அல்ல.

நம் கோவைக் கம்பெனியில் 2022 அக்டோபரிலிருந்து கூலி நின்றது. மனு ஏற்கப்பட்டது 2024 ஜனவரி 1. ஆள் கிடைக்காமல் 2025 ஏப்ரல் 1 அன்று கலைப்பு ஆணை. பின்னோக்கி 24 மாதம் எண்ணினால் 2023 ஏப்ரல் 1. ஆக மொத்தம் 30 மாதப் பாக்கியில், 2022 அக்டோபரிலிருந்து 2023 மார்ச் வரையான 6 மாதம் அந்த 24 மாதத்துக்கு வெளியே போய் ஆறாம் படியில் சப்ளையரோடு உட்கார்ந்துவிட்டது. தீர்வுக் கட்டம் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு பழைய கூலி கீழே சரியும்.

மறுபக்கம் ஒரு வாய்ப்பும் உண்டு. தீர்வுக் கட்டத்தில் ஆலை ஓடி, நீங்கள் உண்மையில் வேலை செய்திருந்தால், அந்த மாதங்களின் கூலி செலவாகக் கணக்காகி முதல் படிக்கு ஏறும். ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் கம்பெனி பற்றிய சுனில் குமார் ஜெயின் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது இது. ஆலை பூட்டிக்கிடந்த மாதங்களுக்கு அது கிடைக்காது. எனவே மனு ஏற்கப்பட்ட பிறகும் வேலைக்குப் போகிறவர்கள் வருகைப் பதிவின் நகலை, கைப்பேசிப் படமாகவாவது, மாதாமாதம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். ஆலை மூடிய பிறகு அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தொழிலாளியா, ஊழியரா என்பதைப் பதவிப் பெயர் முடிவு செய்யாது, செய்யும் வேலைதான் முடிவு செய்யும். "சூப்பர்வைசர்" என்று அடையாள அட்டையில் இருந்தாலும் நாள் முழுக்க எந்திரத்தில் நிற்பவர், வேலை விவரத்தை எழுதி இரண்டாம் படியைக் கேட்கலாம். மேலே போட்ட கணக்கில் அது 54 பைசாவுக்கும் பூச்சியத்துக்கும் உள்ள வித்தியாசம்.

சப்ளையர் மேலே ஏறக்கூடிய ஒரே படி

பழைய பில் ஆறாம் படியில்தான். அதை அசைக்க முடியாது. ஆனால் மனு ஏற்கப்பட்ட நாளுக்குப் பிறகு, தீர்வு வல்லுநர் கேட்டு நீங்கள் அனுப்பும் சரக்கு, ஆலையை ஓட்டும் செலவு. அது முதல் படி.

அதனால் அந்த நாளோடு பழைய லெட்ஜரை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறங்கள். புதிய சரக்குக்குத் தீர்வு வல்லுநரின் கையெழுத்துள்ள ஆர்டரை வாங்குங்கள்; பழைய மேலாளர் போனில் சொன்னது போதாது. முடிந்தால் முன்பணம், இல்லாவிட்டால் குறுகிய கெடு. வரும் பணத்தைப் பழைய பில்லில் வரவு வைக்கவே கூடாது. மனு ஏற்கப்பட்ட நாள்முதல் கம்பெனி மீது வழக்கும் வசூலும் நிற்கும் தடைக்காலம் நடக்கும்போது பழைய பாக்கியை ஈடுகட்டிக்கொள்வது சட்டத்துக்கு எதிரானது, பிடித்தால் திருப்பித் தரவேண்டும், புதிய பில்லும் குழம்பிப்போகும். சில சரக்கை வல்லுநர் "ஆலை ஓட இன்றியமையாதது" என்று அறிவித்தால் நீங்கள் நிறுத்தவும் முடியாது. ஆனால் இந்தக் காலத்துச் சரக்குக்கே பணம் வராவிட்டால் நிறுத்தலாம்.

வீழ்ச்சிக்கு முன் கடைசி மாதங்களில் பணத்துக்குப் பதிலாக எந்திரத்தைத் தூக்கி வந்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 43ஆம் பிரிவுப்படி, மனு ஏற்கப்பட்டதற்கு முந்தைய 1 ஆண்டுக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். கம்பெனிக்கு வேண்டியவர் என்றால் 2 ஆண்டு. வழக்கமான வியாபாரப் போக்கில் பில்லுக்குப் பணம் வாங்கியதைத் தொடமாட்டார்கள். சோறு ஆக்கும் அடுப்பையே தூக்கி வந்தால் கேட்பார்கள்.

வரிசைக்கு வெளியே மிச்சமுள்ள வழி

கம்பெனி கொடுத்த காசோலை திரும்பியிருந்தால் ஒரு கதவு திறந்திருக்கலாம். தடைக்காலத்தில் கம்பெனி மீது காசோலை வழக்கு நடக்காது. ஆனால் கையெழுத்திட்ட இயக்குநர்கள் மீது நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் மோகன்ராஜ் வழக்கில் சொன்னது. இதில் நாள் கணக்குதான் எல்லாம். வங்கி திருப்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் சேர்ந்த பிறகு பணம் கட்ட 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். அந்த 15 நாள் முடிவதற்கு முன்பே தீர்ப்பாயம் மனுவை ஏற்று நிர்வாகம் வல்லுநர் கைக்குப் போயிருந்தால், பணம் கட்ட இயக்குநருக்கு அதிகாரமே இல்லை என்று வழக்கு விழும். 2025இல் விஷ்ணு மிட்டல் வழக்கில் அதுதான் நடந்தது. "அடுத்த மாதம் போடுங்கள்" என்று கெஞ்சும் கம்பெனியின் காசோலையைப் பையில் வைத்திருப்பதன் விலை இது.

எந்தக் கதவும் இல்லை, கூட்டல் கணக்கும் பூச்சியம்தான் காட்டுகிறது என்றால், கோரிக்கைப் படிவத்தை மட்டும் செலவில்லாமல் மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தொகையை வாராக்கடனாக உங்கள் புத்தகத்தில் எழுதித் தள்ளி, வருமான வரியில் கழிவு கேட்க ஆடிட்டரிடம் அந்த ஒப்புகையைக் கொடுங்கள். பின்னால் எப்போதாவது கலைப்பாளரிடமிருந்து ஏதாவது வந்தால், வந்த ஆண்டின் வருமானமாகக் காட்டிக்கொள்ளலாம்.